பின்பலகையில் பத்து இலக்கம்

கேள்வி: பிளம்பிங் வேலைக்கு லோடு ஆட்டோ வெச்சிருக்கேன். பின்பலகை 4 அடி அகலம், 2 அடி உயரம். டிராஃபிக்கில் பின்னாடி வர்றவங்களுக்கு போன் நம்பர் தெரியுற மாதிரி எப்படி டிசைன் பண்ணணும்?

முதலில் நம்பரின் அளவை முடிவு செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் மிச்சமிருக்கும் இடத்துக்குள்தான். போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: சிரமமில்லாமல் படிக்க, 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து. ஊருக்குள் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி விட்டு வருகிறவர் சுமார் 55 அடி பின்னால் இருப்பார். ஆக, நம்பர் ஐந்தரை அங்குல உயரம்.

அகலம் போதுமா? சாதாரண தடித்த எழுத்தில் ஓர் இலக்கம், பக்கத்து இடைவெளியோடு சேர்த்து, கிட்டத்தட்ட 4 அங்குலம் எடுக்கும். பத்துக்கு 40. நடுவில் மூன்றரை அங்குலம் விட்டு ஐந்து ஐந்தாகப் பிரியுங்கள். நாம் நம்பர் சொல்வதே பெரும்பாலும் அப்படித்தான். 48-இல் நாலரை மிஞ்சும், ஓரங்களுக்குச் சரியாகிவிடும். ஆறு அங்குலம் ஆசைப்பட்டால் இலக்கங்களை நெருக்கித்தான் நுழைக்க வேண்டியிருக்கும். அதைச் செய்யாதீர்கள். ஒரு தடவை அப்படி நெருக்கி, கொழுத்த எழுத்தில் ஒட்டிக் கொடுத்தேன். 3-இன் திறப்புகள் அடைபட்டு, தூரத்தில் 8 மாதிரித் தெரிந்தது. போன் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

நம்பருக்கு மேலே 'பிளம்பர்' என்ற ஒரே சொல், 5 அங்குலத்தில். நம்பருக்குக் கீழே 'குழாய், மோட்டார், அடைப்பு' என்று இரண்டரை அங்குலத்தில். அது சிக்னலில் நிற்பவருக்கு. கடைப்பெயர் வேண்டுமென்றால் கதவில் போட்டுக்கொள்ளுங்கள். பலகையின் அடிப்பாகத்தில் முக்கியமான எதுவும் வேண்டாம். மழைக்காலச் சேறு அங்கேதான் அடிக்கும், சிக்னலில் நெருங்கி நிற்கும் பைக்குகள் மறைப்பதும் அதைத்தான்.

நிறத்தில், வெள்ளையில் கருநீலம் எழுதுங்கள். மஞ்சளில் கறுப்பும் பளிச்சென்று தெரியும்தான், ஆனால் வாடகை வண்டியின் நம்பர் பிளேட்டும் அதே நிறமாயிற்றே! நீலத்தின் மேல் சிவப்பு கம்ப்யூட்டர் திரையில் அழகாக இருக்கும், சாயங்காலம் ஆனால் இரண்டும் ஒரே கறுப்பு. ஸ்டிக்கருக்கு மேட் லேமினேஷன் கேளுங்கள். பளபளப்பானதில் பின்வண்டியின் ஹெட்லைட் பட்டால் கண் கூசும். பின்விளக்கையும் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப்பையும் மூடிவிடாமல் ஒட்டச் சொல்லுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஒரு சோதனை. அதே அளவில் காகிதத்தில் அச்செடுத்துப் பலகையில் ஒட்டி, 22 தப்படி பின்னால் போங்கள். உங்கள் நம்பர் தெரியாத ஒருவரை மூன்று விநாடி மட்டும் பார்க்கவிட்டு, திரும்பி நின்று சொல்லச் சொல்லுங்கள். எந்த இலக்கத்தில் தடுமாறுகிறாரோ அதன் இடைவெளியைக் கூட்டுங்கள், அல்லது எழுத்துருவை மாற்றுங்கள். பொழுது சாய்ந்த பிறகும் ஒரு முறை பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.