இஞ்ஞாசியார் ஆலயக் கூரையில் நேர்க்கோடு போட்ட விதம்

கேள்வி: ரோமில் உள்ள புனித இஞ்ஞாசியார் ஆலயக் கூரையைப் படத்தில் பார்த்தேன். கூரையைப் பெயர்த்து எடுத்துவிட்டு வானத்தைக் காட்டியது போல இருக்கிறது. கூரை வளைவானது என்கிறார்கள். வளைந்த இடத்தில் தூண்களை இவ்வளவு நேராக எப்படித் திட்டமிட்டு வரைந்தார்கள்?

பதில்:

முதலில் வளைவை மறந்துவிடுங்கள். இதை வரைந்த ஆந்த்ரேயா போட்ஸோவும் தொடக்கத்தில் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இயேசு சபையில் சகோதரராக இருந்த அவர் இந்தக் கூரையை 1694-இல் முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டே, தூரத்துக்கேற்பப் பொருளைச் சுருக்கி வரையும் பெர்ஸ்பெக்டிவ் பற்றிய தன் நூலின் முதல் பாகத்தை வெளியிட்டு, வேலைமுறையையும் அதில் எழுதிவைத்தார். அதனால் இந்த விஷயத்தில் ஊகத்துக்கு அதிக இடமில்லை.

சுவர் முடிந்து வளைவு தொடங்கும் மட்டத்தில், ஆலயத்தின் குறுக்கே ஒரு கண்ணாடித் தட்டு பரப்பியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையில் குறித்த ஓர் இடத்தில் நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள். கண்ணாடிக்கு மேலே இன்னும் இரண்டு அடுக்குக் கட்டடம் எழுந்து நிற்கிறது, அதற்கும் மேலே வானம். அந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு மூலையும் கண்ணாடியில் எங்கே தெரிகிறதோ அங்கே புள்ளி வைத்தால் வரைபடம் வந்துவிடும். அதை வளைவுக்குக் கொண்டுபோவது தனி வேலை. இந்த வகை ஓவியத்தை இத்தாலியில் குவாட்ரதூரா என்பார்கள்.

தட்டையான வரைபடம் பார்ப்பதற்குத்தான் பயமுறுத்தும், கணக்கு எளிது. கண்ணாடி கிடைமட்டமாக இருப்பதால் கிடைமட்டமான எதுவும் உருவம் மாறாது. சதுரம் சதுரமாகவே இருக்கும், வட்டம் வட்டமாகவே இருக்கும். அளவு மட்டும் சுருங்கும். செங்குத்தான கோடுகள் எல்லாம் உங்கள் தலைக்கு நேர் மேலே உள்ள ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அதுதான் மறைபுள்ளி. எவ்வளவு சுருங்கும் என்பதற்கு ஒரே ஒரு வகுத்தல் போதும்: கண்ணிலிருந்து கண்ணாடி வரை உள்ள உயரத்தை, கண்ணிலிருந்து அந்தப் பொருள் வரை உள்ள உயரத்தால் வகுக்க வேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். இவை ஆலயத்தின் அளவுகள் அல்ல, கணக்குக்காக எடுத்துக்கொண்ட முழு எண்கள். கண்ணிலிருந்து கண்ணாடி 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவிலிருந்து சுவர் 8 மீட்டர் தள்ளி இருக்கிறது. சுவரின் மேல் 10 மீட்டர் உயரத் தூண் ஒன்றை நிறுத்த வேண்டும். தூணின் அடி கண்ணாடி மட்டத்திலேயே இருப்பதால் 8 மீட்டரிலேயே விழும். தூணின் தலை கண்ணிலிருந்து 30 மீட்டர் உயரம். 20-ஐ 30-ஆல் வகுத்து 8-ஆல் பெருக்கினால் 5.33 மீட்டர். ஆக 10 மீட்டர் தூண் வரைபடத்தில் 2.67 மீட்டர் நீளம்தான் வரும். அதன் மேல் அதே உயரத்தில் இன்னொரு தூணை ஏற்றினால் அதன் தலை 4 மீட்டரில் விழும், நீளம் 1.33 மீட்டர். முதல் தூணில் பாதி. அடியில் 1 மீட்டர் அகலமாக இருந்தது 67 செண்டிமீட்டராகி, பிறகு 50 ஆகும். கட்டடத்தின் தரைப்படமும் நெடுக்குவெட்டுப் படமும் கையில் இருந்தால் எந்த மூலையையும் இப்படி இறக்கிவிடலாம். போட்ஸோ வகுத்தல் போடாமல் இதையே ஸ்கேலும் கோடுமாகச் செய்தார்.

இனி வளைவு. தட்டையான வரைபடத்தின் மேல் சதுரக் கட்டம் போடுகிறோம். அதே கட்டத்தை, கண்ணாடி இருப்பதாக நினைத்த அதே மட்டத்தில், நிஜக் கயிற்றால் சுவருக்குச் சுவர் வலையாகக் கட்டுகிறோம். கண் இருக்க வேண்டிய இடத்தில் விளக்கை வைத்தால் கயிறுகளின் நிழல் வளைகூரையில் விழும். நிழல் விழுந்த இடத்தில் கோடு போட்டுவிட்டால், வளைவுக்கேற்ப விரிந்த கட்டங்கள் தயார். வரைபடத்தில் ஒரு கட்டத்துக்குள் இருப்பதை, கூரையில் அதே எண்ணுள்ள கட்டத்துக்குள் வரைந்தால் போதும்.

கட்டங்கள் எவ்வளவு விரியும் என்பதையும் மேலே சொன்ன அளவுகளிலேயே பார்க்கலாம். 8 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டக் கூரை, 2 மீட்டர் கட்டமுள்ள வலை. பார்ப்பவர் தலைக்கு நேராகக் குறுக்கே வெட்டிப் பார்த்தால், நடுவிலிருந்து முதல் கட்டம் கூரையில் ஏறத்தாழ 2.8 மீட்டர், இரண்டாவது 2.9, மூன்றாவது 3.1, சுவரை ஒட்டிய நான்காவது 3.8 மீட்டர். இதில் பலரும் ஏமாறுவது கடைசிக் கட்டத்தில்தான். தூண்களின் அடிப்பகுதி விழுவது அங்கே. சாரத்தின் மேல் நின்று கிட்டத்தில் பார்த்தால் அடிப்பகுதி அநியாயத்துக்கு இழுத்துவிட்டது போலத் தெரியும். கண்ணை நம்பி அங்கே கொஞ்சம் சுருக்கிப் போட்டால், கீழிருந்து பார்க்கும்போது தூண் குட்டையாகி, நிஜச் சுவரோடு சேரும் இடமும் உடைந்து காட்டும்.

விளக்கு உத்திக்கு ஒரு வரம்பு உண்டு. அதை போட்ஸோவே சொல்கிறார். உயரம் அதிகமானால் வெளிச்சம் போதாது, நிழல் தெளிவாக விழாது. அப்போது விளக்குக்குப் பதில் நூல். கண் இருக்கும் புள்ளியில் நூலின் ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறு முனையைக் கூரை வரை இழுத்து, வலையின் ஒரு முடிச்சை உரசுமாறு பிடித்தால், நூல் கூரையைத் தொடும் இடம்தான் குறிக்க வேண்டிய புள்ளி. ஒவ்வொரு முடிச்சுக்கும் இதே வேலை. ஓர் ஆள் மேலே, ஓர் ஆள் வலையருகே என்று நேரம் தின்னும் வேலைதான், ஆனால் பிசகாது. நூல் போகும் வழியில் சாரத்தின் பலகை குறுக்கிட்டால் வேலை நின்றுவிடும் என்பதையும் முன்பே யோசிக்க வேண்டும்.

"வளைவுக்கும் கணக்கே போட்டுவிடலாமே, வலை எதற்கு?" என்று தோன்றும். கட்டிய கூரை எதுவும் சுத்தமான அரைவட்டமாக இருப்பதில்லை. பூச்சு ஓரிடத்தில் தடித்திருக்கும், ஜன்னலுக்காகப் பக்கவாட்டில் வளைவை வெட்டியிருப்பார்கள். கணக்கு அதையெல்லாம் அறியாது. நூல் உள்ளபடியே போய்த் தொடும். ஆனால் வலையிலும் ஒரு கெடுதல் உண்டு. அகலமான இடத்தில் கயிறு நடுவில் தொய்யும். தொய்ந்த முடிச்சு கண்ணுக்கு நெருங்கி வருவதால், கூரையில் அதன் புள்ளி நடுவை விட்டு வெளியே தள்ளிப்போகும். தலைக்கு நேராக உள்ள முடிச்சை மட்டும் இது பாதிக்காது. கயிற்றை நன்றாக முறுக்கி இழுத்து, மட்டம் பார்த்துக்கொண்டே வேலை செய்வதைத் தவிர வழியில்லை.

நேர்க்கோடு விஷயத்துக்கு வருகிறேன். ஆலயத்தின் நீளவாக்கில் ஓடும் கயிறுகள் கூரையிலும் நேர்க்கோடாகவே விழும். குறுக்குக் கயிறுகள் அப்படி அல்ல. பார்ப்பவர் தலைக்கு நேராக உள்ள ஒன்றைத் தவிர, மற்றவை கூரையில் சாய்வான வளைவுகளாக விழும். அதாவது நீங்கள் படத்தில் நேராகப் பார்த்த தூண்களில் பெரும்பாலானவை கூரையில் உண்மையில் வளைந்தே இருக்கின்றன. இங்கே கொத்தனார் செய்வது போல நூலைச் சாயத்தில் தோய்த்து இழுத்துச் சுண்டிக் கோடு போட முடியாது. குழிந்த பரப்பில் நூல் இரு முனைகளைத் தவிர எங்கும் தொடாது. கட்டத்துக்குக் கட்டம் புள்ளி வைத்துச் சேர்த்து, கீழே கண் வைக்கும் இடத்திலிருந்து சரிபார்த்துத்தான் போட வேண்டும்.

பிரெஸ்கோ முறையில் கோடு போட்டதோடு வேலை முடியாது. ஈரச் சுண்ணாம்புச் சாந்தின் மேல்தான் வண்ணம் ஏறும், அதனால் அன்றன்று வரையக்கூடிய அளவுக்கு மட்டும் மேல்பூச்சு பூசுவார்கள். புதிய பூச்சு முந்தைய கோடுகளை மூடிவிடும். ஆகவே முழு அளவில் காகிதத்தில் வரைந்ததை ஈரப் பூச்சின் மேல் வைத்து, கூர்முனையால் அழுத்திப் பள்ளக்கோடாக இறக்குவார்கள். ஒரு நாள் பூச்சும் மறுநாள் பூச்சும் சேரும் இடம் தூணின் விளிம்பிலோ, சுவரின் மேல் விளிம்பில் நீட்டி ஓடும் பட்டையான கார்னிஸின் நிழலிலோ ஒளிந்துகொள்ளும்படி பிரித்துக்கொள்வது நல்ல பழக்கம். இன்னொரு தொல்லை நிறம். ஈரத்தில் கருத்துத் தெரியும் சாம்பல் காய்ந்தால் வெளிறும். நீளமான கார்னிஸ் ஒன்றைப் பல நாள் வரைய வேண்டியிருந்தால், அதற்கான கலவையை முன்கூட்டியே மொத்தமாகச் செய்து வைக்காவிட்டால் நாளுக்கு ஒரு சாம்பலாகத் துண்டு துண்டாகத் தெரியும்.

எல்லாம் சரியாக வந்தாலும் அது ஒரு புள்ளிக்கு மட்டுமே சரி. ஆலயத் தரையில் அந்த இடத்தை ஒரு பளிங்கு வட்டத்தால் குறித்திருக்கிறார்கள். அதை விட்டு 3 மீட்டர் நகர்ந்தால் என்ன ஆகும்? நம் உதாரணத்தின் தட்டை வரைபடத்தில், 10 மீட்டர் தூணின் தலை 1.5 மீட்டர் சாய்ந்தது போலத் தோன்றும், நீங்கள் நகர்ந்த திசைக்கு எதிர்ப்பக்கமாக. சாய்வு எவ்வளவு என்பது நகர்ந்த தூரத்தையும் கூரை உயரத்தையும் மட்டுமே பொறுத்தது. அதனால்தான் உயரமான ஆலயம் இதைத் தாங்குகிறது. கண்ணுக்கு மேல் 4 மீட்டரில் கூரை உள்ள அரண்மனை அறையில் 1 மீட்டர் நகர்ந்தாலே இதைவிட அதிகமாகச் சாயும். அதே நூற்றாண்டில் பொலோஞ்ஞாவைச் சேர்ந்த கொலோன்னாவும் மித்தெல்லியும் ஒரே கூரைக்குப் பல மறைபுள்ளிகளை வைத்து, எங்கே நின்றாலும் ஓரளவு சரியாகத் தெரியும்படி செய்தார்கள். போட்ஸோ இதை ஏற்கவில்லை. வேறு இடத்திலிருந்து கோணலாகத் தெரிவது குறையல்ல, கலையின் சிறப்பே அதுதான் என்று வாதாடினார். நடமாடும் அறைக்குப் பல புள்ளி, நின்று பார்க்கும் ஆலயத்துக்கு ஒரே புள்ளி என்பதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

அதே ஆலயத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். அங்கே குவிமாடம் கட்டப்படவே இல்லை. 1685-இல் போட்ஸோ ஒரு பெரிய துணியில் வரைந்து அந்த இடத்தில் பொருத்தியதைத்தான் குவிமாடம் என்று நினைக்கிறோம். இங்கே பரப்பு தட்டை, ஆகவே வலை வேண்டாம். ஆனால் பார்க்கும் இடத்தை நடுவில் வைக்காமல் வெளியே தள்ளி வைத்தார். பார்ப்பவர் கழுத்தை முழுக்க மடக்க வேண்டியதில்லை, எதிர்ப்பக்க உட்சுவரும் அதிகமாகத் தெரியும். வட்டம் வட்டமாகவே இருக்கும் என்ற விதி இங்கே கைகொடுக்கிறது. மேலே போகப் போக வளையங்கள் சிறுத்து, அவற்றின் மையம் ஒரே கோட்டில் பார்ப்பவரை நோக்கி நகரும். காம்பஸாலேயே வரைந்துவிடலாம். இந்தப் போலிக் குவிமாடத்தில் தூண்கள் சுவரிலிருந்து நீட்டிய போதிகைகளின் மேல் நிற்பதைச் சில கட்டடக் கலைஞர்கள் குறை சொன்னார்களாம், நிஜக் கட்டடத்தில் யாரும் அப்படி நிறுத்தமாட்டார்கள் என்று. போதிகை உடைந்து தூண் விழுந்தால் நஷ்டம் முழுவதையும் தானே கட்டுவதாக ஓவிய நண்பர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டார் என்று போட்ஸோ தன் நூலில் பதில் எழுதிவைத்திருக்கிறார்.