கணக்கு பிழைக்கிறது என்று ஆபீஸ் வாங்க வேண்டுமா?

கேள்வி: தரம் 10 கணிதத்துக்குத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளை லப்டொப்பில் போட்டு, சித்தியடைந்தவர்களை எண்ண `=COUNTIF(C2:C43,">35")` என்று அடித்தேன். 23 என்று வருகிறது. கையால் எண்ணினால் 27. லப்டொப் வாங்கிய கடையில் கேட்டேன். "அதில் இருப்பது இலவச லிப்ரே ஆபீஸ், அது சரியாக எண்ணாது, காசு கொடுத்து மைக்ரோசொப்ட் ஆபீஸ் போடுங்கள்" என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா? பட்டியலைப் பெயர்கள் இல்லாமல் அனுப்பியிருக்கிறேன்.
— ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: இதற்காக வாங்க வேண்டாம் ரீச்சர். நீங்கள் அனுப்பிய பட்டியலை லிப்ரே ஆபீஸிலும் எக்செலிலும் திறந்து பார்த்தேன். இரண்டிலும் 23தான். COUNTIF இரண்டிலும் ஒரே மாதிரித்தான் வேலை செய்கிறது. கடைக்காரர் சொன்னதைக் கேட்டு ஆபீஸ் வாங்கியிருந்தால் காசும் போய், அதே 23 அங்கேயும் வந்து நின்றிருக்கும். நீங்களே பார்க்க விரும்பினால், மைக்ரோசொப்ட் கணக்கு ஒன்று திறந்து பிரவுசரில் எக்செலைக் காசில்லாமல் பாவிக்கலாம். இதே பட்டியலை அங்கே ஏற்றிப் பாருங்கள்.

காணாமல் போன நான்கு பேரில் இரண்டு பேர் சரியாக 35 எடுத்தவர்கள். `>35` என்றால் 35க்கு மேல், அதாவது 36 முதல்தான் எண்ணும். 35 எடுத்த பிள்ளைக்கு நாம் S போடுகிறோம், அதனால் 35ம் சேர வேண்டும்:

```
=COUNTIF(C2:C43,">=35")
```

`>` முதலில், `=` பிறகு, இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இல்லை. மேற்கோள் குறிகளும் கட்டாயம் வேண்டும். இதை வாட்ஸ்அப்பில் வந்த செய்தியிலிருந்து ஒட்டினால் சில நேரம் வளைந்த மேற்கோள் குறி வந்துவிடும், அப்போது பிழை காட்டும். விசைப்பலகையில் நேராக அடிப்பதே நல்லது. இப்போது 25 வரும்.

மற்ற இரண்டு பேரின் சிக்கல் கொஞ்சம் மறைவானது. C18இல் 48 என்று தெரிகிறது, ஆனால் அந்தக் கட்டத்தைச் சொடுக்கி மேலே உள்ள சூத்திரப் பட்டையைப் பார்த்தால் `'48` என்று இருக்கிறது. முன்னால் உள்ள அந்தச் சிறு குறிக்கு அர்த்தம், கணினி இதை எண்ணாக அல்ல, எழுத்தாக வைத்திருக்கிறது என்பதே. C31இல் 50 என்று தெரிவதில் கடைசியில் இருப்பது பூச்சியம் அல்ல, ஆங்கில O எழுத்து. இரண்டுமே கண்ணுக்கு எண், கணினிக்குச் சொல். `>=35` என்று கேட்கும்போது COUNTIF உண்மையான எண்களை மட்டுமே பார்க்கிறது. எழுத்தாக இருப்பதைப் பிழை என்றுகூடச் சொல்லாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இந்தத் தவறு ஆபத்தானது: விடை வருகிறது, குறைவாக வருகிறது, யாருக்கும் தெரிவதில்லை.

உங்கள் பட்டியலில் இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம், புள்ளி நிரலை நடுவில் சீராக்கி வைத்திருக்கிறீர்கள். அந்தச் சீராக்கத்தை எடுத்துவிட்டால் எண்கள் தாமாகவே கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டும், எழுத்துகள் இடப்பக்கம் ஒட்டும். 48ம் 5Oம் இடப்பக்கம் போய்த் தனியாக நிற்பதை ஒரே பார்வையில் காணலாம். வகுப்பாசிரியர்கள் போனில் அனுப்பும் பட்டியலை ஒட்டும்போது இப்படி அடிக்கடி நடக்கும், ஆகவே அச்சடிக்கும் வரை நடுவில் கொண்டுவராமல் வைத்திருங்கள்.

இரண்டே கட்டங்கள் என்பதால் அழித்துவிட்டு மறுபடி அடித்தால் போதும். அடித்த பிறகும் இடப்பக்கமே நின்றால் அந்தக் கட்டம் Text வடிவில் இருக்கிறது, வடிவத்தை Number ஆக்கிவிட்டு மறுபடி அடியுங்கள். முழு நிரலும் எழுத்தாக வந்திருந்தால் ஒவ்வொன்றாக அடிக்கத் தேவையில்லை. நிரலைத் தேர்ந்து, Data பட்டியலில் Text to Columns போய், எதையும் மாற்றாமல் OK கொடுங்கள் (எக்செலில் Finish). அந்த ' குறி உள்ளவை எண்ணாகிவிடும். O எழுத்து உள்ளது மட்டும் ஆகாது, அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இப்போது விடையை நம்பலாமா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பட்டியலுக்குக் கீழே இந்த நான்கையும் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள்:

```
=COUNTA(C2:C43)
=COUNT(C2:C43)
=COUNTIF(C2:C43,"AB")
=COUNTIF(C2:C43,"<35")
```

முதலாவது, வெறுமையாக இல்லாத எல்லாக் கட்டங்களும்: 42. இரண்டாவது, எண்ணாக உள்ளவை மட்டும். மூன்றாவது, பரீட்சைக்கு வராதவர்கள்: உங்கள் பட்டியலில் 3. ஆக, எண்கள் 39 இருக்க வேண்டும். திருத்துவதற்கு முன் அங்கே 37தான் இருந்தது. அந்த இரண்டு வித்தியாசம்தான் நாம் பார்த்த இரண்டு கட்டங்கள். திருத்திய பின் 39 வரும், சித்தி 27, சித்தியடையாதோர் 12, கூட்டினால் 39. உங்கள் கையெண்ணிக்கை சரி. வலய அலுவலகத்துக்கு அனுப்பும் முன் இந்தக் கூட்டலைப் பாருங்கள், அது பொருந்தாவிட்டால் வீதம் போட ஆரம்பிக்க வேண்டாம்.

வராதவர்களுக்கு AB போட்டிருப்பது மிகவும் சரி. சிலர் 0 போடுவார்கள். அப்படிப் போட்டால் அந்த மூன்று பேரும் `<35` எண்ணிக்கையில் விழுந்து, சித்தியடையாதோர் 15 ஆகிவிடும். வராத பிள்ளையையும் பரீட்சை எழுதித் தவறிய பிள்ளையையும் ஒன்றாகக் காட்டுவது அந்தப் பிள்ளைக்கும் நியாயமில்லை, உங்கள் வகுப்புக்கும் நியாயமில்லை.

அடுத்து 50 அல்லது அதற்கு மேல் எத்தனை பேர், 75 அல்லது அதற்கு மேல் எத்தனை பேர் என்றும் அதிபர் கேட்பார் இல்லையா? ஒவ்வொரு தடவையும் சூத்திரத்தைத் திறந்து திருத்தாமல், எல்லையை F1 கட்டத்தில் எழுதி இப்படிப் போடுங்கள்:

```
=COUNTIF(C2:C43,">="&F1)
```

F1 மேற்கோளுக்கு வெளியே இருக்க வேண்டும், நடுவில் `&` குறி வேண்டும். `">=F1"` என்று உள்ளே போட்டுவிட்டால், உங்கள் பட்டியலில் விடை 0 என்றுதான் வரும், ஏனென்றால் அது கட்டத்தைப் பார்க்காமல் F1 என்ற எழுத்துகளோடு ஒப்பிடுகிறது. S மட்டும், அதாவது 35 முதல் 49 வரை வேண்டுமானால் இரண்டு நிபந்தனை, அதற்குப் பெயரின் கடைசியில் ஓர் S எழுத்துக் கூடிய COUNTIFS:

```
=COUNTIFS(C2:C43,">=35",C2:C43,"<50")
```

லிப்ரே ஆபீஸில் காற்புள்ளிக்குப் பிழை காட்டினால் அந்த இடத்தில் அரைப்புள்ளி (;) போடுங்கள். அது கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்தது.

வேறு தேவைக்காக என்றைக்காவது மைக்ரோசொப்ட் ஆபீஸ் வாங்குவதாக இருந்தால், கடையில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இது வருடா வருடம் காசு கட்டுவதா, ஒரு தடவை வாங்குவதா? உரிமம் யார் கணக்கில் பதிவாகும்? உங்கள் சொந்த மைக்ரோசொப்ட் கணக்கில் பதிவாக வேண்டும், பற்றுச்சீட்டில் மென்பொருளின் பெயரும் பதிப்பும் எழுதித் தர வேண்டும். "சும்மா போட்டுத் தருகிறோம், பில் தேவையில்லை" என்றால் அங்கே வாங்காதீர்கள்.