பிக்சல் ஷிஃப்ட்: வயலுக்கு ஆகாது, தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஆகும்

கேள்வி: கும்பகோணம் பக்கம் இருக்கிறேன். என் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் பிக்சல் ஷிஃப்ட் இருக்கிறது. ட்ரைபாடில் வைத்து வயலையும் கோபுரத்தையும் எடுத்தால் அங்கங்கே பொடிக் கட்டமாக வருகிறது. இந்த மோடு எதற்குத்தான் உதவும்? வீட்டில் 60 x 45 செ.மீ. பழைய தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதே அளவில் பிரிண்ட் போட இது போதுமா?

பதில்:

ஓவியத்துக்குப் போதும். வயலுக்கு எந்த ட்ரைபாட் வாங்கினாலும் சரிவராது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

உங்கள் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரே ஒரு நிற வடிகட்டிதான் இருக்கிறது. பாதிப் பிக்சல்கள் பச்சையை மட்டும் பார்க்கும், கால்வாசி சிவப்பை, மீதிக் கால்வாசி நீலத்தை. விட்டுப்போன நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களை வைத்து மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. பிக்சல் ஷிஃப்டில் சென்சாரே ஒரு பிக்சல் அளவு பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் நகர்ந்து நான்கு படம் எடுக்கும். அப்போது ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு ஒரு முறை, நீலம் ஒரு முறை, பச்சை இரண்டு முறை நேரடியாகப் பார்த்துவிடும், ஊகத்துக்கு வேலை இல்லை. ஆனால் நான்கு பட முறையில் படத்தின் அளவு 24 மெகாபிக்சலாகவேதான் இருக்கும். பதினாறு பட முறையில் இதே நான்கும் அரைப் பிக்சல் தள்ளித் தள்ளி நான்கு முறை எடுக்கப்படும். 96 மெகாபிக்சல் வருவது அதில்தான்.

எல்லாம் சேர்ந்து ஒரே படமாக வேண்டுமானால், முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் எதிரில் இருப்பது அரைப் பிக்சல்கூட அசையக்கூடாது, வெளிச்சமும் மாறக்கூடாது. நாற்றுக்கும் தென்னங்கீற்றுக்கும் ஆற்றுத் தண்ணீருக்கும் இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கோபுரம் அசையாது, ஆனால் நடுவில் இருக்கும் காற்று அசையும். வெயில் ஏறிய பிறகு தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் கானல் மட்டுமே பல பிக்சல் அளவுக்குச் சுதைச் சிற்பங்களை ஆட்டிவிடும். சில கேமராக்களில் அசைவுத் திருத்தம் உண்டு. அது அசைந்த இடத்தில் ஒரே ஒரு படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும். கட்டம் மறையும், ஆனால் மதில் கூர்மையாகவும் மரம் மந்தமாகவும் ஒட்டுப்போட்டதுபோல ஆகிவிடும்.

இனி ஓவியம். முதலில் கணக்கு. 45 செ.மீ. உயரத்தைச் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால், 4000 பிக்சல் உயரத்தில் ஓவியத்துக்குக் கிடைப்பது சுமார் 3,800. ஓர் அங்குலத்துக்கு 214 பிக்சல். அதே அளவில் நல்ல பிரிண்டுக்கு 300 கேட்பார்கள், அதனால் சாதாரணப் படம் பற்றாது. பதினாறு பட முறையில் இது 428 ஆகிறது. நிஜ விவரம் அப்படியே இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் 300-ஐத் தாராளமாகத் தாண்டும்.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நிறம். தஞ்சாவூர் ஓவியத்தின் பின்புலம் பெரும்பாலும் அடர்சிவப்பு அல்லது அடர்பச்சை. அடர்சிவப்பில் சென்சாரின் கால்வாசிப் பிக்சல்கள்தான் உருப்படியான தகவல் தரும். அதாவது உங்கள் 24 மெகாபிக்சல் கேமரா அந்த இடத்தில் ஏறக்குறைய 6 மெகாபிக்சல் கேமராதான். சிவப்புப் பட்டில் வரைந்த மெல்லிய கோடுகள் சாதாரணப் படத்தில் கரைந்துபோவது இதனால்தான். பிக்சல் ஷிஃப்ட் அவற்றைத் தெளிவாகத் திருப்பிக் கொண்டுவரும்.

ஓவியத்தை ஆணியில் தொங்கவிட்டு எடுக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் அது ஆடுவது கண்ணுக்குத் தெரியாது, படத்தில் தெரியும். தரைத்தளத்தில், சுவரோடு லேசாகச் சாய்த்து, கீழே நழுவாமல் முட்டுக் கொடுத்து வையுங்கள். ஓவியத்தின் மேல் ஒரு சாதாரணப் பிக்சலின் அளவு 0.12 மி.மீ. அரைப் பிக்சல் 0.06 மி.மீ., ஒரு தலைமுடியின் பருமன். படப்பிடிப்பு முடியும்வரை இந்த அளவுக்குள் எல்லாம் நிலையாக நிற்க வேண்டும். கூடத்து ஊஞ்சலில் யாரும் உட்காரக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

85 மி.மீ. லென்ஸ் என்றால் கேமரா சுமார் 1.8 மீட்டர் தள்ளி நிற்கும், 50 மி.மீ. என்றால் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நேராக நிற்கிறதா என்று பார்க்க ஒரு சிறிய தட்டைக் கண்ணாடியை ஓவியத்தின் நடுவில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். பரப்பில் உரசாமல், சட்டத்தின் மேல் ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்து அதன்மேல் பிடித்தால் நல்லது. திரையின் நடுவில் உங்கள் லென்ஸே தெரிந்தால் இரண்டும் இணையாக இருக்கின்றன. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். ரிமோட்டோ டைமரோ வைத்து, ஷட்டருக்கு முன் சில விநாடி தாமதமும் கொடுங்கள். பிறகு லைவ் வியூவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிப் பாருங்கள். திரையில் படம் துடித்தால் அந்தத் தரை உதவாது, அல்லது எடுக்கும்போது நீங்கள் அந்த அறையில் இருக்கக்கூடாது.

அப்பர்ச்சர் எஃப்/5.6. மீறினால் எஃப்/8. அதற்கு மேல் மூடினால் டிஃப்ராக்‌ஷன் வேலையைக் கெடுக்கும். உங்கள் சென்சாரின் பிக்சல் 6 மைக்ரான், இந்த மோடில் நடைமுறையில் 3 மைக்ரான். எஃப்/11-இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரின் மேல் சுமார் 15 மைக்ரான் வட்டமாக விரிந்துவிடும், ஐந்து பிக்சல் அகலம். நீங்கள் பாடுபட்டுச் சேர்த்த கூர்மை அங்கேயே போய்விடும். எஃப்/5.6-இல் இந்தத் தூரத்துக்கு ஒன்றரை செ.மீ. ஆழம் வரை தெளிவாக இருக்கும். சுண்ணப் பூச்சின் மேடும் பதித்த கற்களும் அதற்குள் அடங்கும். பழைய பலகை அதைவிட வளைந்திருந்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடைப்பட்ட இடத்தில் ஃபோகஸ் வையுங்கள். ஐஎஸ்ஓ 100 அல்லது உங்கள் கேமராவின் அடிப்படை மதிப்பு.

வெளிச்சம் ஜன்னலிலிருந்து வரக்கூடாது. ஒரு மேகம் கடந்தால்கூடப் பதினாறு படங்களில் சில இருண்டுபோய், படம் முழுக்கக் கட்டம் விழும். ஜன்னலை மூடிவிட்டு, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் ஒரே மாதிரி இரண்டு எல்இடி விளக்கு வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவு விளக்குகள் விநாடிக்கு 100 முறை மின்னும். இந்த மோடு எலக்ட்ரானிக் ஷட்டரில் ஓடுவதால் வேகமான ஷட்டரில் பட்டை பட்டையாக விழும். 1/5 விநாடி போல மெதுவாக வைத்தால் ஒவ்வொரு படத்திலும் இருபது மின்னல்கள் அடங்கி எல்லாம் சமமாகிவிடும். பக்கத்தில் போர்வெல் மோட்டார் ஓடும் நேரத்தைத் தவிர்ப்பதும் நல்லது. மோட்டார் எடுக்கும்போது வோல்டேஜ் சரிந்து விளக்கு மங்கினால் அந்தத் தொகுதி வீண். பேட்டரியில் எரியும் விளக்கு இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

தங்கத் தகட்டில் பளபளப்பு தொந்தரவு செய்யும். விளக்குக்கும் லென்ஸுக்கும் போலரைசர் போட்டு முழுக்க எதிரெதிராகத் திருப்பினால் வண்ணப் பகுதி அருமையாக வரும், ஆனால் தங்கம் செத்துப்போய்ப் பழுப்பாகிவிடும். உலோகத்தின் பிரதிபலிப்பு போலரைசேஷனை இழக்காமல் அப்படியே திரும்புவதால் ஃபில்டர் அதையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. லென்ஸ் போலரைசரைக் கொஞ்சம் தளர்த்தித் தங்கம் உயிர்பெறும் இடத்தில் நிறுத்துங்கள். தொகுதி நடுவில் அதைத் தொடக்கூடாது. ஓவியத்தின் மேல் கண்ணாடி இருந்து, வண்ணம் அதில் ஒட்டியிருப்பதாகச் சந்தேகம் வந்தால் கழற்றாதீர்கள். கேமராவுக்கு முன்னால் கறுப்புத் துணி கட்டி, லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு எடுத்தால் பிரதிபலிப்பு பெரும்பாலும் போய்விடும்.

சேர்ப்பது கேமராவைப் பொறுத்தது. ஒலிம்பஸ், பானாசோனிக், பென்டாக்ஸ் கேமராக்கள் உள்ளேயே சேர்த்துவிடும். சோனிக்கு Imaging Edge Desktop, நிக்கானுக்கு NX Studio, ஃபியூஜிஃபில்முக்கு Pixel Shift Combiner என்று கணினியில் சேர்க்க வேண்டும். சேர்ந்து வந்த படம் முதலில் மந்தமாகத் தெரியும். பிக்சல்கள் ஒன்றின்மேல் ஒன்று பாதி படியும்படி எடுத்ததால் அப்படித்தான் இருக்கும், ஷார்ப்பனிங் கொடுத்தால் எழுந்து வரும்.

பிறகு 200 சதவீதத்தில் மூலைக்கு மூலை பாருங்கள். படம் முழுக்கச் சீராகப் பொடிக் கட்டம் இருந்தால் கேமராவோ ஓவியமோ அசைந்திருக்கிறது, அல்லது வெளிச்சம் மாறியிருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் விளிம்புகள் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் அங்கே மட்டும் ஏதோ ஆடியிருக்கிறது. பிரிந்து நிற்கும் துணி விளிம்பாகவோ, தளர்ந்த கல்லாகவோ இருக்கலாம். கட்டமே இல்லாமல் மந்தமாக மட்டும் இருந்தால் ஃபோகஸ், லென்ஸ், அப்பர்ச்சர் மூன்றில் ஒன்றைச் சந்தேகப்படுங்கள். எப்படியும் தொடர்ந்து இரண்டு மூன்று தொகுதி எடுத்து வைத்துவிடுங்கள், ஓவியத்தை மறுபடி நிறுத்தி நேராக்குவதைவிட அது சுலபம்.

ஓவியம் தவிர நம் பக்கத்தில் இதற்கு நன்றாகப் பொருந்துவது பட்டுப் புடவை. திருபுவனம் பட்டின் நெசவில் சாதாரணப் படம் வானவில் நிற மோவாரே காட்டும், நான்கு பட முறையே அந்த நிறக் கோளாறைப் போக்கிவிடும். புடவையைத் தொங்கவிடாமல் மேசையில் விரித்து மேலிருந்து எடுங்கள். ஓலைச்சுவடியும் ஏற்றதுதான், ஆனால் விளக்குச் சூட்டில் ஓலை மெல்லச் சுருளும், எடுக்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள். சுவாமிமலை வார்ப்புச் சிலைக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். முழுச் சிலையும் தெளிவாக வேண்டுமென்றால் எஃப்/11 வரை மூட வேண்டும், அங்கே இந்த மோடின் லாபம் போய்விடும். தாராசுரத்தின் சிற்றுருவச் சிற்பங்கள் ஆசையைத் தூண்டும், கல்லும் அசையாது. ஆனால் சாம்பல் கல்லில் நிற லாபம் கொஞ்சம்தான். தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் அங்கே ட்ரைபாட் வைக்கவும் விடமாட்டார்கள். பக்கம் பக்கமாகக் கையில் எடுத்த படங்களைத் தைத்தாலே அங்கே போதும்.

பதினாறும் தனித்தனி ரா கோப்புகளாகவே கார்டில் இருக்கும் கேமரா என்றால், ஒரு தொகுதி கெட்டாலும் அழித்துவிடாதீர்கள். அதில் நான்கு படம் மட்டும் ஆடாமல் இருந்தால்கூட, ஒவ்வொன்றும் முழுமையான 24 மெகாபிக்சல் படம்தான்.