ஒரு போட்டோ, ஒரு கோல்: கொடிமரம் எவ்வளவு உயரம்?

கோயில் கொடிமரத்துக்குத் தகடு மாற்ற வேண்டும். ஏறி அளக்க ஆளில்லை. வாசல் அருகே 2 மீட்டர் கோலை நிறுத்தி, கொடிமரமும் தெரியும்படி போட்டோ எடுத்தேன். உயரம் கிடைக்குமா? (சாட்ஸ்வொர்த்)

கிடைக்கும் ஐயா. முதலில் தொடுவானக் கோடு வேண்டும். நடைபாதையின் இரு ஓரங்களையும் போட்டோவில் நீட்டுங்கள். அவை சேருமிடம்தான் மறைபுள்ளி. கேமராவை நிமிர்த்தி, சாய்க்காமல் எடுத்திருப்பதால் அந்தப் புள்ளி வழியே கிடைமட்டமாக ஒரு கோடு போட்டால் போதும். அதன் உயரம்தான் உங்கள் கேமரா இருந்த உயரம். தரை சமமாக இருந்தால், அந்தக் கோடு கோலையும் கொடிமரத்தையும் ஒரே உயரத்தில் வெட்டும்.

உங்கள் படத்தில் கோலின் அடியிலிருந்து கோடு வரை 600 பிக்சல், கோல் முழுவதும் 800. அப்படியானால் கேமரா இருந்தது 2 × 600 ÷ 800 = 1.5 மீட்டரில். கொடிமரத்தின் அடியிலிருந்து கோடு வரை 400, உச்சி வரை 1500. 1.5 × 1500 ÷ 400, அதாவது சுமார் 5.6 மீட்டர். கோட்டைப் பத்துப் பிக்சல் கீழே போட்டிருந்தாலும் 5 சென்டிமீட்டர்தான் மாறும்.

டர்பன் கடற்கரையில் எடுத்த படமென்றால் கடலும் வானமும் சேரும் விளிம்பே அந்தக் கோடு. மலை விளிம்பை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நானும் இதே கணக்கைப் போட்டேன், 5.6 மீட்டர் வந்தது. பிறகு கயிறு கட்டி அளந்தால் 4.5 மீட்டர்தான்! எங்கே தவறு? (சாட்ஸ்வொர்த், வேறொரு வாசகர்)

உங்கள் கணக்கில் தவறில்லை அம்மா, தரையில்தான் இருக்கிறது. நம் பக்கத்து முற்றங்கள் பெரும்பாலும் சரிவில் கட்டியவை. கோல் நின்ற இடத்தைவிடக் கம்பத்தின் அடி 30 சென்டிமீட்டர் மேலே இருந்தால், கம்பத்துக்குக் கேமரா உயரம் 1.5 அல்ல, 1.2 மீட்டர். 1.2 × 1500 ÷ 400 = 4.5. உங்கள் கயிறு சொன்னது அதேதான்!

கவனியுங்கள்: 30 சென்டிமீட்டர் தரை வித்தியாசம் விடையில் ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டது. 1500-ஐ 400-ஆல் வகுத்தால் வரும் 3.75 மடங்குதான் இதற்குக் காரணம். கம்பம் எவ்வளவு உயரமோ, பிழையும் அவ்வளவு பெருகும். சந்தேகமிருந்தால் டியூப் லெவல் பிடித்துப் பாருங்கள். அதைவிட நல்லது, கோலைக் கம்பத்தின் அடியிலேயே ஒட்டி நிறுத்துவது. அப்போது சரிவு பொருட்டே இல்லை, தொடுவானக் கோடும் தேவையில்லை. நான் எப்போதும் இப்படித்தான் செய்வேன்.

கோலை அடியில்தான் நிறுத்தினேன். உச்சி தெரிய வேண்டுமே என்று போனை மேலே சாய்த்து எடுத்தேன். நேர் விகிதம் போட்டால் போதாதா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

போதாது. சாய்த்தால் உயரே இருப்பது சுருங்கித் தெரியும். கட்டடத்தின் செங்குத்து ஓரங்கள் மேலே ஒன்றையொன்று நெருங்கும். அவற்றை நீட்டினால் படத்துக்கு வெளியே வெகு தூரத்தில் சேரும். அந்தச் செங்குத்து மறைபுள்ளியும் கணக்கில் வர வேண்டும்.

நீங்கள் அனுப்பிய அளவுகளில் (படத்தின் மேல்விளிம்பிலிருந்து கீழ்நோக்கி, பிக்சலில்) கம்பத்தின் அடி b = 3200, கோலின் நுனி r = 2680, கம்பத்தின் உச்சி t = 1150. ஓரங்கள் சேரும் புள்ளி v = −9200. R என்பது கோலின் நீளம், 2 மீட்டர். H என்பது கம்பத்தின் உயரம்.

```
H = R × (b−t)/(b−r) × (r−v)/(t−v)
  = 2 × 2050/520 × 11880/10350
```

நேர் விகிதம் மட்டும் 7.88 மீட்டர் தரும். மறைபுள்ளியையும் சேர்த்தால் 9.05. ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி!

இவ்வளவு தூரத்துப் புள்ளியைத் துல்லியமாகக் குறிக்க முடியாதே என்று பயப்பட வேண்டாம். v ஆயிரம் பிக்சல் தள்ளிப் போய் −10200 ஆனாலும் விடை 8.95 மீட்டர்தான். ஆனால் ஓரங்களைப் படத்தின் இடது, வலது கோடிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஜன்னல் ஓரங்கள் வேண்டாம். அப்புறம், 0.5x அகல லென்ஸ் ஆகவே ஆகாது. நேர்கோடு வளைந்துவிட்டால் மறைபுள்ளிக்கே அர்த்தமில்லை.

கோலே இல்லை. சுவரின் செங்கல் வரிசையை வைத்துக் கணக்கிடலாமா?

தாராளமாக. இங்கே பழகிய 73 மில்லிமீட்டர் செங்கல்லில், கலவையோடு ஒரு வரிசை சுமார் 85 மில்லிமீட்டர் வரும். 12 வரிசை 1.02 மீட்டர். கொத்தனாருக்குக் கொத்தனார் கலவையின் தடிமன் மாறும், அதனால் கைக்கெட்டும் 10 வரிசையை டேப் வைத்து அளந்து 10-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். ஒரே செங்கல்லை அளந்து பெருக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்த, ஓரம் வெட்டிய படம். பயன்படுமா?

பயன்படும். இந்த முறைக்குப் படத்தின் நடுப்புள்ளி தேவையில்லை. எல்லா அளவையும் அதே படத்தில் எடுத்தால் சரி. பிக்சல் குறைந்திருப்பதால் கம்பத்தின் உச்சியைக் குறிக்கும்போது மட்டும் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்.