பி-யை தைரியமா ஆஃப் பண்ணுங்க, ஜி-யை விட்டுடுங்க

"சார், எங்க வீட்டு ரவுட்டர்ல 802.11b/g/n mixed-னு இருக்கு. அதுல பி, ஜி ரெண்டையும் ஆஃப் பண்ணா மொத்த ஸ்பீடும் ஏறும்னு ஃப்ரெண்டு சொல்றான். பண்ணலாமா? பழைய லேப்டாப், வைஃபை பிரிண்டர், பையனோட பிஎஸ்பி இருக்கு, எது எது நின்னு போகும்?"

பி, ஜி, n மூணும் வைஃபையோட அடுத்தடுத்த தலைமுறை, பி-தான் இதுல ரொம்பப் பழசு. பி-யை ஆஃப் பண்ணுங்க, லாபம் அதுலதான் இருக்கு. ஜி-யை ஆஃப் பண்றதுல கிடைக்கிறது கொஞ்சம்தான், ஆனா நின்னு போற சாமான் நிறைய.

காரணம் இதுதான். வைஃபைல ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், மத்தவங்க எல்லாம் காத்துட்டு இருக்கணும். 1500 பைட் பாக்கெட் ஒண்ணை 54 எம்பிபிஎஸ்ல அனுப்ப கால் மில்லிசெகண்ட் போதும், அதையே பி-யோட அடிமட்ட வேகமான 1 எம்பிபிஎஸ்ல அனுப்பினா 12 மில்லிசெகண்ட், அவ்வளவு நேரமும் உங்க புது போன் சும்மா நிக்கும். இன்னொண்ணு, 1999-ல வந்த பி-க்கு 2003-ல வந்த ஜி-யோட சிக்னல் முறையே புரியாது, அதனால பி சாதனம் ஒண்ணு கனெக்ட் ஆயிட்டாலே மத்த எல்லாரும் பேசறதுக்கு முன்னாடி பி-க்கு புரியற பழைய வேகத்துல "இப்ப நான் பேசப்போறேன், நீ இரு"ன்னு ஒரு சின்ன பாக்கெட் அனுப்பணும். அது டவுன்லோடே பண்ணாம சும்மா கனெக்ட் ஆகி கிடந்தாலும் இந்த வேஸ்ட் நடந்துட்டேதான் இருக்கும்.

பி சாதனமே வீட்ல இல்லன்னாலும் ஒரு செலவு இருக்கு. ரவுட்டர் செகண்டுக்கு சுமார் 10 தடவை தன் பேரை அறிவிக்கும், பி ஆன்ல இருந்தா அது பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ்லதான் போகும். 300 பைட் அறிவிப்புன்னா ஒவ்வொண்ணும் 2.6 மில்லிசெகண்ட், ஆக சேனல் நேரத்துல இரண்டரை சதவீதம் இதுக்கே போயிடும், கெஸ்ட் வைஃபையும் வெச்சிருந்தா இரண்டு மடங்கு. பி போயிட்டா இது 6 எம்பிபிஎஸ்ல கிளம்பும், ஒண்ணுக்கு அரை மில்லிசெகண்ட் கூட ஆகாது. ஜி-யையும் நிறுத்தினாலும் அறிவிப்பு இதே 6-லதான் போகும், அதான் ஜி-ல லாபம் கம்மின்னு சொன்னேன்.

இப்ப உங்க சாமான். பிஎஸ்பி போச்சு, அதுல பி மட்டும்தான், வைஃபை இருக்கற எந்த மாடலா இருந்தாலும். நிண்டெண்டோ டிஎஸ், டிஎஸ் லைட்டும் அப்படித்தான். லேப்டாப்ல டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைஃபை கார்டு பேரைப் பாருங்க. Intel PRO/Wireless 2100-னு இருந்தா பி மட்டும், அது நிக்கும். 2200BG-னு இருந்தா ஜி இருக்கு, பி-யை நிறுத்தினாலும் ஓடும், n only போட்டா நிக்கும். விண்டோஸ் 7-க்கு மேலன்னா இதை அடிச்சா Radio types supported வரில தெரிஞ்சிடும்:

```
netsh wlan show drivers
```

பிரிண்டருக்கு மேனுவல்ல பாருங்க, 802.11b/g-ன்னு மட்டும் போட்டிருந்தா அதுவும் ஜி கோஷ்டிதான். பிஎஸ்3, நிண்டெண்டோ வீ, ஐபோன் 3ஜிஎஸ் வரைக்கும், நோக்கியா என்95 எல்லாம் இதே கோஷ்டி, இதுக்காகத்தான் ஜி-யை விடச் சொல்றேன்.

எது எதனால நின்னுச்சுன்னு கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கு. பி மட்டும் தெரிஞ்ச சாதனத்துல தேடினா உங்க வைஃபை பேரே லிஸ்ட்ல வராது, ஏன்னா 6 எம்பிபிஎஸ் அறிவிப்பு அதோட காதுலயே விழாது. ஜி சாதனத்துல n only போட்டிருந்தா பேர் தெரியும், பாஸ்வேர்டும் சரியாத்தான் இருக்கும், ஆனா கனெக்ட் ஆகாது. நிறைய பேர் இங்கதான் பாஸ்வேர்டை மாத்தி மாத்தி அடிச்சு மண்டையை உடைச்சுக்கறாங்க.

பண்ண வேண்டியது, வயர்லெஸ் பக்கத்துல 2.4 GHz மோடை 802.11g/n mixed-க்கு மாத்திட்டு சேவ் பண்ணுங்க. சில ரவுட்டர்ல அந்த ஆப்ஷனே இருக்காது, b/g/n mixed, n only ரெண்டுதான் இருக்கும். அப்ப பிரிண்டரை கேபிள்ல போட முடியும், லேப்டாப்புக்கு ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்க முடியும்னா n only போடுங்க, இல்லன்னா mixed-லயே விட்டுட்டு பி சாதனத்தை மட்டும் கனெக்ட் பண்ணாம வெச்சிருங்க. அதே பக்கத்துல செக்யூரிட்டி TKIP-ன்னு இருந்தா AES-க்கு மாத்துங்க, TKIP-ல இருந்தா n போனும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

ரெண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிடறேன். இது எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸ் கதை, 5-ல இருக்கற போனுக்கு ஒரு மாற்றமும் தெரியாது, பக்கத்து வீட்டு ரவுட்டர் அதே சேனல்ல பி-ல கத்திட்டு இருந்தா அதையும் உங்களால நிறுத்த முடியாது. அப்புறம் 1 எம்பிபிஎஸ் சிக்னல் 6-ஐ விட தூரம் போகும், அதனால கடைசி ரூம்ல ஒரு கோடு சிக்னல்ல தொங்கிட்டு இருந்த சாதனம் இதுக்கப்புறம் அறுந்து அறுந்து போகலாம், அப்படி ஆனா ரவுட்டரை கொஞ்சம் நடுவுல நகத்தி வைங்க.

பையன் பிஎஸ்பிக்கு அழுதான்னா, பழைய ரவுட்டர் ஒண்ணு இருந்தா அதுல பி-யை ஆன் பண்ணி, மெயின் ரவுட்டர் சேனல் 1-லன்னா இதை 11-ல வெச்சு, கேபிள்ல மெயினோட சேத்து, அவன் விளையாடற நேரத்துக்கு மட்டும் சுவிட்ச் போட்டுக் குடுங்க.