மஞ்சள் உள்ளே காயவில்லை: மில்லில் திருப்பி அனுப்பியது சரிதானா?

கேள்வி: பசாரில் கிலோ 6 வெள்ளிக்கு 5 கிலோ பச்சை மஞ்சள் வாங்கினேன். வேகவைத்து வாசலில் இரண்டு வாரம் காயவைத்தேன். இப்போது 1 கிலோ 600 கிராம் இருக்கிறது. மேலே நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஆனால் மில்லில் "ஈரம் இருக்கு" என்று அரைக்க மறுத்துவிட்டார்கள். உடைத்துப் பார்த்தால் நடுவில் பழுப்பு, சிலவற்றில் வெள்ளைப் பூசணம். கடையில் காய்ந்த விரலி மஞ்சள் கிலோ 20 வெள்ளி. அதையே வாங்கியிருக்கலாமோ?
— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மில்காரர் சொன்னது சரி. உங்கள் எடையே அதைக் காட்டிக் கொடுக்கிறது.

பச்சை மஞ்சளில் முக்கால் பங்கு, சிலசமயம் அதற்கும் மேல், தண்ணீர்தான். முக்கால் பங்கு என்றே வைத்துக்கொள்வோம். 5 கிலோவில் காய்ந்த சரக்கு 1 கிலோ 250 கிராம். நல்ல மஞ்சளில் ஈரம் நூற்றுக்குப் பத்தளவில் நிற்க வேண்டும். அப்படியானால் உங்கள் கையில் 1 கிலோ 400 கிராமுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். 1 கிலோ 600 என்றால் ஈரம் இருபதைத் தாண்டி நிற்கிறது. கிழங்கில் தண்ணீர் இன்னும் கூடுதலாக இருந்திருந்தால் நிலைமை இதைவிட மோசம். இந்த ஈரத்தோடு அரைத்தால் பொடி கட்டிதட்டும், டப்பாவுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும்.

பழுப்புக்கு இரண்டு இடத்தில் காரணம் தேடலாம். முதலாவது வேக்காடு. கிழங்கு வேகும்போது அதிலுள்ள மாவு கூழாகி, நிறம் உள்ளேயும் வெளியேயும் ஒரே சீராகப் பரவுகிறது, பிறகு சீக்கிரம் காய்கிறது. நுரை பொங்கி, மஞ்சள் வாசத்தோடு வெள்ளை ஆவி வரும்வரை, சுமார் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வேக வேண்டும். மழுங்கிய குச்சியால் குத்தினால் இறங்க வேண்டும். வேகாவிட்டால் காய்ந்தபின் மாவு மாதிரி உதிரும். அளவுக்கு மீறி வெந்தாலோ நிறம் கெட்டுவிடும். தடித்த தாய்க்கிழங்கையும் விரலியையும் ஒரே பானையில் போட்டால் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும், அதனால்தான் தனித்தனியாக வேகவைப்பார்கள். சோடா மாவு போட்டால் நிறம் தூக்கும் என்று யாராவது சொல்வார்கள். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், அவ்வளவுதான். தரம் உயராது, போட வேண்டாம்.

இரண்டாவது காரணம் நம் ஊர் வானிலை. தமிழ்நாட்டில் 10 முதல் 15 நாளில் காய்கிறது என்றால் அது அங்கத்து வெயிலுக்கு. இங்கே பகல் முழுக்க காற்றில் ஈரம், சாயங்காலம் மழை. இரவில் எடுத்து வைத்த மஞ்சள் மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மேல்தோல் வெயிலில் இறுகிவிட, முழுக்கிழங்கின் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. பிளாஸ்டிக் விரிப்பில் குவித்து மூடி வைத்திருந்தால் இன்னும் கேடு. ஆகவே நாள் கணக்கை விடுங்கள். ஒரு கிண்ணம் மஞ்சளைத் தனியாக வைத்து தினமும் நிறுத்துப் பாருங்கள். வெயிலில் கிடந்தும் எடை இறங்காமல் நிற்பதை மட்டும் வைத்துக் காய்ந்துவிட்டது என்று நம்பாதீர்கள், காற்றின் ஈரத்தோடு அது சமமாகி நின்றிருக்கலாம். உடைத்துப் பாருங்கள். நன்கு காய்ந்த விரலி 'டக்'கென்று உலோகச் சத்தத்தோடு முறியும், வளையாது.

இப்போது கையில் இருப்பதில் பூசணம் கண்டதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவினாலும் வறுத்தாலும் பூசண நச்சு போகாது. சுத்தமானதை இரண்டு மூன்றாக உடைத்து, ஓவனில் 60 டிகிரியில், கதவைச் சற்றுத் திறந்து வைத்து, முறியும்வரை காயவைத்தால் மில்லில் வாங்கிக்கொள்வார்கள். அடுத்த முறை வெந்த கிழங்கை வில்லையாக நறுக்கிக் காயவையுங்கள். விற்கும் மஞ்சளுக்கு முழு விரலிதான் விலை போகும், வீட்டுக்கு அரைக்கத்தானே, வில்லை போதும்.

கடைக் கணக்குக்கு வருவோம். 30 வெள்ளிப் பச்சை மஞ்சளில் ஏதும் வீணாகாமல் 1 கிலோ 400 கிடைத்தாலே கிலோ 21 வெள்ளிக்கு மேல் ஆகிறது, எரிவாயு தனி. வீட்டுத் தோட்டத்தில் விளைந்தால் சரி, விலைக்கு வாங்கிக் காயவைப்பது இலாபமில்லை.

ஆனால் கடையிலும் ஈரத்துக்கு நீங்கள் காசு கொடுக்கக்கூடும். நூற்றுக்குப் பதினெட்டு ஈரமுள்ள மஞ்சளை 20 வெள்ளிக்கு வாங்கினால், நன்கு காய்ந்ததை ஏறக்குறைய 22 வெள்ளிக்கு வாங்கிய மாதிரி. மூட்டையின் அடியிலிருந்து ஒரு விரலியை எடுத்து முறிக்கக் கேளுங்கள். முறிந்த முகம் நடுவரை ஒரே ஆரஞ்சு மஞ்சளாகப் பளபளக்க வேண்டும். மேல்தோல் மங்கலாக இருந்தால் கவலை வேண்டாம், பாலிஷ் போடாத மஞ்சள் அப்படித்தான் இருக்கும். முறிக்க விடாத கடையில் நான் வாங்குவதில்லை.