பழைய பாக்கியைக் குறைந்த தொகைக்கு முடிப்பது: பணத்துக்கு முன் கடிதம்

கேள்வி: ஐந்து வருடங்களுக்கு முன் என் அலுவலகத்தில் மரவேலை செய்த ஒப்பந்ததாரர், 80,000 பாக்கி என்கிறார். வேலையில் பாதி சரியில்லை என்று அப்போதே எழுதிக் கொடுத்தேன். 30,000-க்கு மேல் நான் தரவேண்டியதில்லை. இப்போது வசூல் ஏஜென்சி ஒன்று அவர் சார்பில் போன் செய்கிறது. மொத்தமாக 30,000 கொடுத்து முடித்துவிடலாமா? மறுபடி யாரும் கேட்காமலிருக்க என்ன எழுதி வாங்க வேண்டும்?

பதில்: முடிக்கலாம். ஆனால் பேசத் தொடங்குமுன் கடைசிப் பில்லின் தேதியையும், நீங்கள் கடைசியாகப் பணம் கொடுத்த தேதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போடும் காலவரம்பு இந்தியாவில் பொதுவாக 3 ஆண்டு, இங்கிலாந்தில் 6 ஆண்டு. உங்கள் ஐந்து வருடப் பாக்கி ஓரிடத்தில் காலாவதி, இன்னோரிடத்தில் உயிரோடு இருக்கிறது. காலவரம்புக்குள் "பாக்கி உண்டு" என்று எழுதிக் கையெழுத்திட்டால், கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓட ஆரம்பிக்கும். இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலம் கடந்த கடனையும் "தருகிறேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், அந்த வாக்குறுதியே செல்லுபடியாகும். ஆகவே ஏஜென்சிக்காரரிடம் வாட்ஸ்அப்பில் "மாசாமாசம் கொஞ்சம் தர்றேன் சார்" என்று எதுவும் அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது கடிதத்தின் தொனி. பலர் "கஷ்டத்தில் இருக்கிறேன், மீதியைத் தள்ளுபடி செய்யுங்கள்" என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் 80,000-மும் பாக்கி என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆங்கிலேயப் பொதுச்சட்டத்தில், தகராறில்லாத கடனுக்குக் குறைந்த தொகை வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவர் பிறகு மீதியைக் கேட்க முடியும் என்பது 1884-லிருந்தே உள்ள தீர்ப்பு. தகராறுள்ள கடனில் அப்படியில்லை. ஒப்பந்தம் செல்ல ஒவ்வொரு தரப்பும் எதையாவது கொடுக்க வேண்டும், அதுதான் பிரதிபலன். இங்கே இருவரும் வாதத்தை விட்டுக்கொடுப்பதே அந்தப் பிரதிபலன். இந்தியாவில் ஒப்பந்தச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, குறைந்த தொகையை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டவர் பிறகு மீதியைக் கேட்க முடியாது. எங்கே இருந்தாலும் தகராறுதான் உங்கள் பலம், அது காகிதத்தில் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

"உரிமைகளுக்குப் பாதகமின்றி. தங்கள் 80,000 கோரிக்கையை நான் ஏற்கவில்லை. வேலையிலுள்ள குறைகளை அப்போதே எழுத்தில் தெரிவித்திருக்கிறேன். எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல், தகராறை முடிக்க மட்டும் 24,000 ஒரே தவணையில் தர முன்வருகிறேன். இணைத்துள்ள விடுவிப்புக் கடிதத்தில் தாங்கள் கையெழுத்திட்டால் மட்டுமே இது செல்லும். 14 நாட்களுக்குப் பின் இது தானாகவே ரத்தாகும்."

24,000-இல் தொடங்கினால்தான் 30,000-இல் வந்து நிற்க முடியும். கடிதத்தை அனுப்புமுன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று எழுதிய பேச்சுவார்த்தைக் கடிதத்தை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

இனி விடுவிப்பு. "30,000 பெற்றுக்கொண்டேன்" என்பது வெறும் ரசீது. என்னிடம் வந்த ஒருவரின் ரசீதில் "பாக்கிக் கணக்கில் வரவு" என்று மூன்றே சொற்கள். மீதி அப்படியே நிற்கிறது என்றுதான் எதிர்த்தரப்பு வாதாடியது. அதை மறுக்க எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. ஒப்பந்ததாரர் உங்களுக்குத் தரும் விடுவிப்புக் கடிதத்தில் பில் எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். "அசல், வட்டி, செலவு உட்பட இந்தப் பில் சார்ந்த எல்லாக் கோரிக்கையும் முழுமையாகத் தீர்ந்தது, இனி நானோ, என் வாரிசுகளோ, என்னிடமிருந்து உரிமை பெற்றவர்களோ எதுவும் கோரமாட்டோம், இக்கடனை வேறு யாருக்கும் மாற்றித் தரவில்லை" என்றும் எழுதியிருக்க வேண்டும். வழக்கு நடந்தால் வாபஸ், முன்பு செக் கொடுத்திருந்தால் அதைத் திருப்பித் தருவது, இவையும் அதிலேயே வரட்டும். அவர் இருதரப்பு விடுவிப்பு கேட்பார். அதில் கையெழுத்திட்டால் மோசமான வேலைக்காக நீங்கள் நஷ்டஈடு கேட்கும் உரிமையும் போய்விடும். அந்த விலை சம்மதமா என்று முன்பே யோசியுங்கள்.

கையெழுத்து யாருடையது என்பது இங்கே முக்கியம். ஏஜென்சி வெறும் வசூல் முகவர் என்றால், குறைந்த தொகைக்கு முடிக்க ஒப்பந்ததாரர் தந்த அதிகாரக் கடிதத்தைக் கேளுங்கள். கடனையே வாங்கிவிட்டதாகச் சொன்னால் உரிமை மாற்றப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒப்பந்ததாரரே கையெழுத்திடட்டும்.

அப்புறம் பணம். "தொகை வந்து சேர்ந்ததும் இது அமலுக்கு வரும்" என்ற வரியோடு கையெழுத்தான கடிதம் கைக்கு வந்த பிறகு, அதே நாளில் வங்கி வழியாக அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் பில் எண்ணும் "முழுத் தீர்வு" என்ற சொல்லும் இருக்கட்டும். ரொக்கம் வேண்டாம். "முதலில் 10,000 போடுங்க, பேப்பர் பிறகு வரும்" என்று ஏஜென்சி சொன்னால், அந்த 10,000-ஐ அனுப்பாதீர்கள்.